வேகமான இணைப்பும் பழைய டாங்கிளும்

வீட்டு இணைய இணைப்பை 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு உயர்த்திய பிறகும் மேசைக் கணினி மட்டும் 40ஐத் தாண்டாமல் நிற்பது இப்போது பல வீடுகளில் காணப்படும் குறை. ரவுட்டர் இருக்கும் அறையில் கைபேசியை வைத்துச் சோதித்தால் 280 வருகிறது. அதே அறையிலுள்ள கணினி 38 காட்டுகிறது. இணைப்பு தரும் நிறுவனத்தின் ஆள் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டாலும், ஃபைபர் கேபிளையே மாற்றினாலும் அந்த எண் அசைவதில்லை. அசையாததற்குக் காரணம் கணினியின் பின்புறம் செருகப்பட்டு, பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காத நக அளவு யுஎஸ்பி டாங்கிள். சில கணினிகளில் அந்த இடத்தில் பழைய வைஃபை கார்டு இருக்கும். மடிக்கணினியிலும் கைபேசியிலும் வைஃபை சில்லு கருவியோடு சேர்ந்தே வருவதால், கருவி மாறும்போது அதுவும் புதிதாகிவிடுகிறது. மேசைக் கணினியில் அப்படி இல்லை. செயலி, நினைவகம், எஸ்எஸ்டி எல்லாம் மாறியிருக்கும். பத்தாண்டுக்கு முன் வாங்கிய டாங்கிள் மட்டும் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் அதிகம் விற்றது உறையில் 150 எம்பிபிஎஸ் என்று அச்சிட்ட சிறிய டாங்கிள். 2009இல் இறுதியான 802.11n தரத்தைச் சேர்ந்தது அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும். உள்ளே ஒரே ஒரு ஆன்டெனா. 150 என்பது பொய்யான எண் அல்ல. ஆனால் அது கிடைக்க வேண்டுமானால் ரவுட்டரும் டாங்கிளும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் அடங்குபவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து வீடுகளின் ரவுட்டர்கள் இந்த மூன்றைப் பங்குபோடும்போது 40க்கு இடமேது? பெரும்பாலான ரவுட்டர்கள் தாமாகவே 20க்கு இறங்கிவிடுகின்றன. 20 மெகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனா எட்டக்கூடிய உச்சம் 72.2 எம்பிபிஎஸ்.

அந்த 72உம் முழுவதாகக் கைக்கு வருவதில்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஒவ்வொரு தொகுப்புத் தரவுக்கும் முன்னால் காற்று காலியாக இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு சேர்ந்துவிட்டது என்ற பதில் வர வேண்டும். மோதிப்போனதை மறுபடி அனுப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் நேரம் போனபின், இணைப்பு வேகத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பயனருக்குக் கிடைக்கும். 72இல் பாதிக்குச் சற்று மேல் என்றால் 38, 40. வேகச் சோதனை காட்டும் எண்ணும் அதுவே. டாங்கிள் பழுதாகவில்லை. தன்னால் முடிந்த அளவை முழுவதுமாகத் தந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஆன்டெனா கொண்ட 300 எம்பிபிஎஸ் டாங்கிளிலும் கணக்கு இதேதான்: நெரிசலான இடத்தில் 144க்கு இறங்கி, கையில் 80 அளவுக்குக் கிடைக்கும்.

இந்த டாங்கிளால் மற்றக் கருவிகளும் பாதிக்கப்படுகின்றன. அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் கைபேசியும் டிவியும் அதற்காகக் காத்திருக்கின்றன. தெருக்குழாயில் குறுகிய வாய்க் குடம் வைத்தவர் நிரப்பி முடிக்கும்வரை பின்னால் இருப்பவர்கள் நிற்பதுபோல, மெதுவான கருவி தன் ஒவ்வொரு தொகுப்புக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் காற்று அதன் வசம் இருக்கும்.

புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் பழியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல் சோதனை கம்பி. கணினியை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும். 290 வந்தால் இணைப்பும் கணினியும் நன்றாக இருக்கின்றன, குறை வைஃபையில்தான். 94 அளவில் நின்றால் அது வேறு கதை. ரவுட்டரிலோ கணினியிலோ உள்ள லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். அல்லது கேபிளில் எட்டுக் கம்பிகளுக்குப் பதில் நான்கே தொட்டுக்கொண்டிருக்கலாம். இந்த எண்ணைக் கண்டு இணைப்பே மெதுவானது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அப்போது கேபிளை மாற்றி மறுபடி சோதிப்பதே சரி.

இரண்டாவது சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இந்தக் கட்டளையைத் தட்டினால் போதும்:

```
netsh wlan show interfaces
```

பழைய டாங்கிள் உள்ள கணினியில் வரும் நீண்ட பட்டியலில் கவனிக்க வேண்டிய வரிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Radio type             : 802.11n
Channel                : 6
Receive rate (Mbps)    : 72.2
Transmit rate (Mbps)   : 72.2
Signal                 : 92%
```

சேனல் 1 முதல் 13க்குள் இருந்தால் பொதுவாகக் கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 36, 44, 149 போன்ற எண்கள் 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கும். (புதிய விண்டோஸ் பதிப்புகளில் Band என்று தனி வரியே வரும்.) சிக்னல் 92 விழுக்காடு இருந்தும் வேகம் 72 என்பதுதான் இங்கே சாட்சி. சிக்னல் குறைவால் வேகம் குறைந்திருந்தால் டாங்கிளை நகர்த்திப் பார்க்கலாம். சிக்னல் முழுதாக இருக்கும்போதே வேகம் உச்சவரம்பில் முட்டி நின்றால் நகர்த்துவதால் பயனில்லை.

அடுத்த கட்டளை அந்த அடாப்டரால் என்னதான் முடியும் என்பதைச் சொல்லும்:

```
netsh wlan show drivers
```

இதில் Radio types supported என்ற வரியில் 802.11b, 802.11g, 802.11n என்று மட்டும் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அங்கே 802.11ac அல்லது 802.11ax இருந்தும் கணினி சேனல் 6இல் உட்கார்ந்திருந்தால் செலவு தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால் அந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து இணைய வேண்டும். ஒரே பெயர் என்றால் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் Advanced பகுதியைத் திறந்து, Preferred Band என்ற அமைப்பு இருந்தால் அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்வுசெய்யலாம்.

வாங்கிய பிறகு ஏமாற்றம் தரும் ஒரு காரணம் ரவுட்டரிலேயே இருப்பதுண்டு. வேக வரி சரியாக 54இல் நின்றால் ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய டிகேஐபி அல்லது வெப் முறையில் குறியாக்கம் நடந்தால் 802.11n வேகங்களைப் பயன்படுத்த அந்தத் தரமே அனுமதிப்பதில்லை. அதற்கு முந்தைய தலைமுறையின் 54க்கு இணைப்பு இறங்கிவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றிவிட்டால் அந்தத் தடை விலகும். எவ்வளவு புதிய கார்டை வாங்கினாலும் இந்த அமைப்பு மாறாதவரை பலன் இருக்காது.

மாற்றுவது என்று முடிவானபின், எந்தக் கார்டு என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி ரவுட்டரால் என்ன முடியும் என்பதுதான். கடையில் எது புதியது என்று பார்த்து வாங்குவது தவறான இடத்தில் தொடங்குவதாகும். இரு முனைகளுக்கும் பொதுவான திறமையில்தான் வைஃபை பேசும். எடுத்துக்கொண்ட வீட்டில் ரவுட்டர் 802.11ac வகை, அதாவது வைஃபை 5. இரண்டு ஆன்டெனா, 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சேனல். இந்த வகையில் ஒரு ஆன்டெனா எட்டும் உச்சம் 433 எம்பிபிஎஸ், இரண்டு சேர்ந்தால் 867. சுவரோ தூரமோ குறுக்கே வரும்போது 867 என்பது 780, 650, 585, 520, 390 என்று படிப்படியாக இறங்கும்.

ஒற்றை ஆன்டெனா கார்டு ரவுட்டருக்கு அருகிலேயே இருந்தாலும் 433இல் பாதிக்குச் சற்று மேல், அதாவது 220 முதல் 270 வரைதான் கொடுக்கும். ஒரு சுவர் குறுக்கே வந்தால் 200க்குக் கீழே போய்விடும். 300 திட்டத்துக்கு இது போதாது. 100 திட்டம் உள்ள வீட்டுக்குத் தாராளம். இரட்டை ஆன்டெனா கார்டு ஒரு சுவருக்கு அப்பால் 585இல் இணைந்தாலும் 300ஐத் தொட்டுவிடும். எனவே இந்த வீட்டுக்கு வேண்டியது 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இரட்டை ஆன்டெனா கார்டு. விற்பனை மொழியில் இதை 2x2 என்பார்கள். உறையில் உள்ள பெரிய எண்ணைவிட இந்த 2x2 என்ற குறிப்பைத் தேடுவதே பயனுள்ளது.

உறையின் பெரிய எண் எப்படி வருகிறது என்பதை அறிந்தால் அது மயக்காது. ஏசி600 என்பது 5 கிகாஹெர்ட்ஸின் 433ஐயும் 2.4இன் 150ஐயும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கியது. ஏசி1200 என்பது 867உம் 300உம். ஏஎக்ஸ்1800 என்பது 1201உம் 574உம். ஏஎக்ஸ்3000 என்பது 2402உம் 574உம். ஆனால் வாங்கும் கணினி ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணைகிறது. ஆகவே கூட்டுத்தொகையை யாரும் அனுபவிப்பதில்லை. 5 கிகாஹெர்ட்ஸின் பங்கு எவ்வளவு என்று கேட்பதே சரியான கேள்வி. ஏஎக்ஸ்3000இன் 2402க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ரவுட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனலைத் தர வேண்டும். தராவிட்டால் அந்தக் கார்டு 1201இல் நிற்கும். வைஃபை 5 ரவுட்டரோடு என்றால் 867இல் நிற்கும்.

அப்படியானால் வைஃபை 5 ரவுட்டர் உள்ளவர் வைஃபை 6 கார்டு வாங்கலாமா? விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் வாங்கலாம். இன்று கூடுதல் வேகம் வராது, நாளை ரவுட்டர் மாறும்போது கார்டை மாற்ற வேண்டியிருக்காது. 6 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வைஃபை 6இ, வைஃபை 7 கார்டுகளுக்கு அதே வகை ரவுட்டரும் விண்டோஸ் 11உம் வேண்டும். விண்டோஸ் 10இல் அந்த அலைவரிசை திறக்காது. 300 எம்பிபிஎஸ் இணைப்புக்காக அவற்றைத் தேடிப் போவது வீண் செலவு.

அடுத்த தேர்வு யுஎஸ்பியா, உள்ளே பொருத்தும் கார்டா என்பது. யுஎஸ்பி டாங்கிளில் இன்னொரு தடை மறைந்திருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட்டின் எழுதப்பட்ட வேகம் 480 எம்பிபிஎஸ் என்றாலும் நடைமுறையில் அது 300ஐ ஒட்டியே நின்றுவிடும். வைஃபையின் சொந்தச் செலவும் சேர்ந்தால் அதற்கும் கீழே. 867இல் இணையும் டாங்கிளையே யுஎஸ்பி 2.0 முனையோடு விற்பவர்கள் உண்டு. விவரப் பட்டியலில் யுஎஸ்பி 3.0 என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், காற்றில் வந்த வேகம் போர்ட்டில் தேங்கிவிடும். யுஎஸ்பி 3.0 டாங்கிளைத் தவறிப்போய்ப் பழைய 2.0 போர்ட்டில் செருகினாலும் இதே விளைவுதான்.

யுஎஸ்பி 3.0க்கும் ஒரு சிக்கல் உண்டு. அதன் தரவு ஓட்டம் எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது என்பதை இன்டெல் 2012இல் ஒரு ஆவணமாகவே வெளியிட்டது. 3.0 போர்ட்டில் வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஓடும்போது பக்கத்துப் போர்ட்டில் உள்ள வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது இதனால்தான். 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பை இந்த இரைச்சல் அதிகம் தொடுவதில்லை. ஆனாலும் டாங்கிளை நேராகப் பின்புறம் செருகாமல், நல்ல யுஎஸ்பி 3.0 நீட்டிப்புக் கேபிளில் மேசைமேல் கொண்டுவந்து வைப்பது நல்லது. கணினிப் பெட்டி இரும்பு. அதன் பின்னே சுவர். பெட்டி மேசைக்கு அடியில். அந்த இடுக்கில் செருகிய டாங்கிளுக்கு ரவுட்டரின் பக்கம் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். கேபிளுடன் கூடிய நிற்கும் டாங்கிள்கள் உருவத்தில் பெரியவை, ஆனால் நக அளவு டாங்கிள்களைவிட ஆன்டெனாவுக்கு இடமும் சூடு ஆறக் காற்றும் அவற்றில் அதிகம்.

பெட்டியைத் திறக்க முடிந்தவர்களுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டே மேல். அதன் மிகச் சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டின் பழைய இரண்டாம் தலைமுறைகூட 4000 எம்பிபிஎஸ் தாங்கும். அங்கே தேக்கம் கிடையாது. கார்டு நீளமான எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டுகளிலும் பொருந்தும். ஆன்டெனாவைத் திருகிக் கழற்றலாம் என்பதால் காந்த அடியுள்ள கேபிள் ஆன்டெனாவை மேசைமேல் வைக்கலாம். வாங்கும் முன் பக்கப் பலகையைக் கழற்றி, காலி ஸ்லாட் உண்டா, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு அதை மூடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய கணினிகளில் இருக்கும் பிசிஐ ஸ்லாட் வேறு. இந்தக் கார்டுகள் அதில் ஏறாது.

இந்தக் கார்டுகள் பலவற்றில் புளூடூத்தும் உண்டு. வைஃபை ஸ்லாட் வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் பேசுவதால், கார்டோடு வரும் மெல்லிய கம்பியை மதர்போர்டில் உள்ள 9 முனை யுஎஸ்பி 2.0 இணைப்பில் செருக வேண்டும். கம்பி உறையிலேயே கிடந்துவிட்டால் வைஃபை ஓடும், புளூடூத் மட்டும் கண்ணில் படாது. கார்டு பழுது என்று திருப்பி அனுப்பும் முன் பார்க்க வேண்டிய இடம் அது.

மதர்போர்டிலேயே வைஃபைக்கான எம்.2 ஸ்லாட் இருந்தால் சிறிய தகடு ஒன்றை மட்டும் வாங்கலாம். இங்கே ஒரு எண் தவறினால் பணம் போய்விடும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுமையான கார்டுகள். ஏஎம்டி கணினியிலும் இயங்கும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல. அவற்றின் வேலையில் ஒரு பாதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. அந்த வசதி கொண்ட இன்டெல் போர்டு இல்லையென்றால் தகடு ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

இயங்குதளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்டெல்லின் வைஃபை 6 கார்டுகளுக்கு விண்டோஸ் 10இன் 64 பிட் பதிப்பு முதல்தான் டிரைவர் உண்டு. விண்டோஸ் 7 கணினிக்கு வைஃபை 5 கார்டே பொருத்தம். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்டெல் கார்டையோ, மீடியாடெக் சில்லு உள்ள டாங்கிளையோ தேர்ந்தெடுத்தால் கெர்னலிலேயே டிரைவர் இருக்கும் வாய்ப்பு அதிகம். தனியே தொகுத்து நிறுவ வேண்டிய டிரைவர்கள் ஒவ்வொரு கெர்னல் மேம்பாட்டின்போதும் அறுந்துபோகக்கூடும்.

பொருத்திய பிறகு பழைய டாங்கிளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் விண்டோஸ் Wi-Fi, Wi-Fi 2 என இரு இணைப்புகளைக் காட்டும். பழைய டாங்கிள் வழியே தரவு போய்க்கொண்டிருப்பதை அறியாமல் புதிய கார்டைக் குறை சொல்ல நேரும். பிறகு முதலில் தட்டிய அதே netsh கட்டளையை மறுபடி தட்ட வேண்டும். எடுத்துக்கொண்ட வீட்டில் 2x2 கார்டு சரியாக அமைந்தால் Radio type வரியில் 802.11ac, Channel வரியில் 44 போன்ற எண், Receive rate வரியில் 866.7 அல்லது அதற்கு ஓரிரு படி கீழே உள்ள எண் வரும். வேகச் சோதனை திட்டத்தின் வேகத்தை ஒட்டி, 280 முதல் 300 வரை, வரவேண்டும்.

எண் 433.3இல் நின்றால் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றின் திருகு தளர்ந்திருக்கலாம், 400இல் நின்றால் ரவுட்டர் 40 மெகாஹெர்ட்ஸில் பூட்டப்பட்டிருக்கலாம். 200க்குக் கீழே போனால் சுவர்கள்தான் காரணம். கான்கிரீட் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிட மோசமாகக் கடக்கிறது. ஆன்டெனாவை மேசைமேல் ஏற்றி, ரவுட்டரை நோக்கி ஓரிரு அடி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் அந்த வரியைப் பார்ப்பதே செய்ய வேண்டிய வேலை. இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ள கணினிக்கு எந்தக் கார்டும் 300 தராமல் போகலாம். அங்கே ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவது எல்லாக் கார்டுகளையும்விட மலிவான தீர்வு. இணைப்பு வேகம் 866.7 என்று காட்டியும் சோதனை 94ஐத் தாண்டாவிட்டால், ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளையும் அவற்றின் போர்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.